கையொப்பம் உண்டு, பெயர் எழுதப்படவில்லை: படமாக வந்த ஒரு கடிதத்தின் அடிப்பகுதியைப் பதிவு செய்த விதம்

ஒரே பக்கத்தில் முடியும் தட்டச்சுக் கடிதம் ஒன்று இரண்டு புகைப்படங்களாக எங்களிடம் வந்தது. ஒன்று முன்பக்கம், மற்றொன்று பின்பக்கம். மூலக் கடிதம் எங்கள் கைக்கு வரவில்லை. படங்களைக் கைபேசியில் எடுத்திருந்தார்கள். முன்பக்கப் படம் சற்றுச் சாய்வாக இருந்தது; வலக்கீழ் மூலையில் எடுத்தவரின் கை நிழல் விழுந்திருந்தது. ஒரு சங்கம் மற்றொரு சங்கத்துக்கு இரவலாகக் கொடுத்த நிலப்படத் தாள்களைத் திருப்பித் தரும்படி கேட்பதே கடிதத்தின் செய்தி. அந்தச் செய்தியில் சிக்கல் ஏதும் இல்லை. சிக்கல் முழுவதும் கடிதத்தின் அடியில், கடைசி வாக்கியத்துக்கும் தாளின் விளிம்புக்கும் இடையிலுள்ள நான்கு விரற்கடை இடத்தில் இருந்தது.

எங்கள் வேலை இரண்டு பகுதிகள் கொண்டது. கடிதத்திலுள்ள எழுத்தைத் தேடத்தக்க வடிவில் படியெடுக்க வேண்டும். படத்தில் எழுத்தல்லாமல் காணப்படுபவற்றை, அதாவது முத்திரை, கிறுக்கல், அடித்தல், கறை ஆகியவற்றை, படத்தைப் பார்க்க இயலாதவருக்கும் விளங்கும்படி ஒரு விவரக் குறிப்பாக எழுத வேண்டும். கையொப்பம் இந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவே விழுகிறது. அது எழுத்திலிருந்து பிறந்தது என்றாலும், பல ஆண்டுகள் இட்டு இட்டுப் பழகிய கையில் எழுத்தாகவே நிற்பதில்லை. படிப்பதற்காக அன்றி, ஏற்கெனவே அறிந்தவர் அடையாளம் காண்பதற்காக இடப்படும் ஓர் உருவமாக மாறிவிடுகிறது. அதை எழுத்தாகக் கொண்டால் படியெடுக்க முயல்வோம், உருவமாகக் கொண்டால் விவரிப்போம். இந்தக் கடிதத்தில் முதல் வரைவை எழுதியவர் முதல் வழியில் போனார். இரண்டாம் வாசிப்பு என்னுடையது.

முதல் வரைவில் அடிப்பகுதிக்காக இரண்டே வரிகள் இருந்தன. "இப்படிக்கு," என்பது ஒன்று. "கையொப்பம்:" என்று எழுதி அதன் பின் ஒரு பெயரும், அடைப்புக்குள் "செயலாளர்" என்ற பதவியும் இட்டிருந்தது மற்றொன்று. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது தவறான பெயர் என்பது மட்டும் காரணமல்ல. சரியாகவே இருந்திருந்தாலும் அது படத்தில் இருந்து வந்த பெயர் அல்ல.

அது எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கடிதத்தின் இரண்டாம் பத்தியில் தாள்களை வாங்கிச் சென்ற ஒருவரின் பெயர் தெளிவாகத் தட்டச்சாகியிருக்கிறது. வரைவை எழுதியவர் மேலிருந்து கீழாகப் படித்து வந்தபோது அந்தப் பெயர் அவர் மனத்தில் புதிதாக இருந்தது. கீழே கையொப்பத்தைப் பார்த்ததும், முதலில் வரும் பெரிய வளைவு அந்தப் பெயரின் முதலெழுத்தாகத் தோன்றியது. நடுவிலுள்ள இரண்டு மேடுகளும் அதற்கு ஏற்றவாறு பொருந்தின. அவரிடம் கேட்டபோது, "படித்தேன்" என்றே உறுதியாகச் சொன்னார், பொய் சொல்லவில்லை. ஒரு பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் வளைவும் மேடும் கொண்ட எந்தக் கீற்றும் அந்தப் பெயராகவே தெரியும்; பிறகு அப்படித் தெரியாமல் பார்க்க நம்மாலேயே முடியாது. அந்தப் பெயரை மறைத்துவிட்டு, கையொப்பப் பகுதியை மட்டும் வெட்டி, கடிதத்தைப் பார்த்திராத வேறு இருவரிடம் தனித்தனியாகக் காட்டினேன். ஒருவர் முதல் வளைவை வேறோர் எழுத்தாகச் சொன்னார். மற்றவர் அது தமிழ் எழுத்தே அல்ல என்றார். கையொப்பத்திலிருந்து பெயர் கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அந்த வரைவு அப்படியே பதிவாகியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்க்க வேண்டும். இரவல் வாங்கியவரே, இரவலைத் திருப்பிக் கேட்டும் கையொப்பமிட்டிருப்பதாகப் பதிவு சொல்லியிருக்கும். பெயர்ப் பட்டியலில் அவர் செயலாளராகச் சேர்ந்திருப்பார். அந்தப் பட்டியலைத் தேடுகிறவர் படத்தைத் திறந்து பார்க்க மாட்டார். பட்டியலில் வரும் பெயருக்கு முன்னால் "எங்கள் ஊகம்" என்ற சொல் இராது. படத்தைப் பார்த்து ஒருவர் தயங்கிச் சொன்ன சொல், இரண்டு இடம் மாறியவுடன் தயக்கமில்லாத தகவலாகிவிடும். கையொப்பத்தைப் பொறுத்தவரை இது வேறு எந்தச் சொல்லின் தவறான வாசிப்பையும்விடக் கெட்டது. ஒரு பொருளின் பெயரைத் தவறாகப் படித்தால் வாக்கியம் பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுக்கும். ஆட்பெயரைத் தவறாகப் படித்தால் வாக்கியம் எப்போதும் பொருந்தும்.

ஆகவே அடிப்பகுதியை முதலிலிருந்து பார்த்தேன். இந்த முறை ஒரே ஒரு கட்டுப்பாடு: கையொப்பம் என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எதைத் தொடுகிறது என்று மட்டும் கேட்பது. இந்தக் கேள்வியை மாற்றியதால்தான் முதல் வரைவில் தவறிப்போன இரண்டு சொற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று கடிதத்தின் பொருளையே மாற்றுகிறது.

கடைசி வாக்கியத்துக்குக் கீழே, வலப்பக்கம் தள்ளி, "இப்படிக்கு," என்று காற்புள்ளியோடு தட்டச்சாகியிருக்கிறது. அதன்கீழ் மூன்று வரி அளவு வெற்றிடம். அதற்குக் கீழே "செயலாளர்" என்று தட்டச்சு. தட்டச்சு செய்தவர் அந்த மூன்று வரியைக் கையொப்பத்துக்காக விட்டிருக்கிறார். வெற்றிடத்தின் மேற்பகுதியில் பேனாவால் "அன்புடன்" என்று எழுதியிருக்கிறது. இது கையொப்பத்தின் தொடக்கமாகவே முதல் வரைவில் கொள்ளப்பட்டது. ஏனென்றால் கடைசி 'ன்' எழுத்தின் வால் கீழிறங்கிக் கையொப்பத்தின் முதல் வளைவோடு சேர்ந்துவிடுகிறது. ஆனால் "அன்பு" என்பதன் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது, 'ன்' எழுத்தின் புள்ளியும் இருக்கிறது. இது எவர் படித்தாலும் ஒன்றுபோல் படிக்கக்கூடிய சொல். அப்படிப்பட்ட சொல்லைப் படியெடுக்க வேண்டும். விவரிக்க மட்டும் செய்தால் குறை. முடிப்புச் சொல் கையால் சேர்க்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தட்டச்சான "இப்படிக்கு" எல்லாக் கடிதங்களுக்கும் பொதுவானது. கையால் சேர்த்த "அன்புடன்" இந்தக் கடிதத்துக்கு மட்டும் உரியது. அதைச் சேர்த்தவருக்கும் பெறுகிறவருக்கும் என்ன உறவு என்று எழுதுவது நம் வேலை அல்ல. சேர்த்திருக்கிறார் என்பதைப் படிப்பவர் அறிய வேண்டும், அவ்வளவே.

இதற்குப் பிறகு கையொப்பம். அதை எவ்வளவு விவரிப்பது என்பதில் எனக்கு ஒரு வரையறை உண்டு. வேறொரு கடிதத்தின் கையொப்பத்தோடு இதை ஒப்பிட விரும்புகிறவர், படத்தைத் திறந்து பார்ப்பது தகுமா என்று முடிவு செய்யப் போதுமான அளவு விவரிக்கலாம்; படத்தைப் பார்க்காமலே அதை வரைந்துவிடக்கூடிய அளவு விவரிக்கக் கூடாது. உயிரோடு இருக்கும் ஒருவரின் கையொப்பமாகவும் அது இருக்கலாம் என்பதை மறக்கலாகாது. இங்கே எழுதியது இவ்வளவு: ஒரு பெரிய வளைவில் தொடங்கி, கை எடுக்காமல் இழுத்ததுபோன்ற தொடர் கீற்று, இடமிருந்து வலமாகச் சற்று மேலேறுகிறது, கீழே அடிக்கோடு ஒன்று, கடைசிக் கீற்று வலப்பக்கமாகக் கீழே இறங்கி "செயலாளர்" என்ற சொல்லின் முடிவு வரை வருகிறது, படிக்கத்தக்க எழுத்து இல்லை. அளவைச் சொல்ல ஒரு வழி வேண்டும். படத்தில் அளவுகோல் வைக்கப்படவில்லை, ஆகவே மில்லிமீட்டர் கணக்கு எதுவும் பொய்யாகும். தட்டச்சு வரிகளே இங்கே அளவுகோல்: கையொப்பத்தின் உயரம் ஏறக்குறைய இரண்டு தட்டச்சு வரி, அகலம் "இப்படிக்கு," என்ற சொல்லைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே தாளில், அதே சாய்வில், பக்கத்திலேயே இருப்பதால் இந்த ஒப்பீடு படத்தின் சாய்வால் அதிகம் கெடாது.

"படிக்கத்தக்க எழுத்து இல்லை" என்ற தொடரைத் தெரிந்தே எழுதினேன். "தெளிவில்லை" என்று எழுதினால், படம் தெளிவாக இருந்தால் படித்திருக்கலாம் என்ற பொருள் வந்துவிடும். கீற்றுகள் படத்தில் தெளிவாகவே இருக்கின்றன. தெளிவாகத் தெரிகிற, ஆனால் எழுத்தாக இல்லாத ஒன்றுக்கும், எழுத்தாக இருந்து நிழலிலோ கறையிலோ மறைந்துபோன ஒன்றுக்கும் பதிவில் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால், பின்னால் வருகிறவர் நல்ல படம் கிடைத்தால் பெயரும் கிடைத்துவிடும் என்று வீணாகத் தேடுவார்.

இப்போது "செயலாளர்" என்ற சொல்லுக்கு வருகிறேன். கையொப்பத்தின் கடைசிக் கீற்று எங்கே முடிகிறது என்று பார்க்கப் படத்தைப் பெரிதாக்கினேன். கீற்று இறங்கி நின்ற இடத்துக்கு அடுத்து, அதைத் தொட்டபடி, சிறியதாக மேலும் சில கீற்றுகள் இருந்தன. முதல் வரைவை எழுதியவர் அவற்றைக் கையொப்பத்தின் வாலாக எடுத்துக்கொண்டு, தான் கருதிய பெயரின் இறுதி எழுத்துகளை அவற்றில் பார்த்திருக்கிறார். ஆனால் மூன்று செய்திகள் அவை வால் அல்ல என்று காட்டின. கையொப்பம் மேலேறும் சாய்வில் போகிறது. இந்தச் சிறு கீற்றுகளோ தட்டச்சான சொல்லின் எழுத்துகள் அமர்ந்துள்ள அதே மட்டத்தில் நேராக அமர்ந்திருக்கின்றன. கையொப்பம் இரண்டு வரி உயரம். இவை தட்டச்சு எழுத்தின் உயரத்தைத் தாண்டவில்லை. இவற்றின் முதல் உருவத்துக்கு மேல் ஒரு புள்ளி இருக்கிறது, அது தற்செயலான மைத்துளி அல்ல, ஏனென்றால் அது மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் இடத்திலேயே இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது "க்காக" என்று இருந்தது. தட்டச்சான "செயலாளர்" என்பதோடு சேர்த்தால் "செயலாளர்க்காக".

அதாவது, கையொப்பமிட்டவர் செயலாளர் அல்லர். செயலாளருக்குப் பதிலாக, அவர் சார்பில் இட்டவர். அவர் தம் பெயரைத் தனியாக எழுதவில்லை. தட்டச்சில் இருந்த பதவியை அடிக்கவும் இல்லை. மூன்று எழுத்தைச் சேர்த்துத் தம் நிலையைச் சொல்லியிருக்கிறார். முதல் வரைவு தந்த இரண்டு தகவல்களுமே, பெயர் மட்டுமன்றிப் பதவியும், தவறு. கையொப்பத்தில் பெயரைப் படிக்க முயன்றதால் நேர்ந்த உண்மையான இழப்பு இதுதான். அந்த இடத்தில் படிக்கத்தக்கதாக இருந்த ஒரே சொல், படிக்க முடியாத ஒன்றைப் படிக்கும் முயற்சியில் விழுங்கப்பட்டுவிட்டது. வழக்கில் "செயலாளருக்காக" என்றே எழுதுவோம். ஆனால் கடிதத்தில் உள்ளது "செயலாளர்" என்னும் தட்டச்சும் "க்காக" என்னும் கையெழுத்தும்தான். ஆகவே அந்தப் புணர்ச்சியைத் திருத்தாமல் உள்ளபடியே படியெடுத்தேன்.

அடுத்தது சுருக்கொப்பங்கள். முதல் வரைவில் இவை இடம்பெறவே இல்லை. ஓரக் கிறுக்கல் என்று விட்டிருந்தார்கள். முன்பக்கத்தில் மூன்று இடங்களில் இப்படிப்பட்ட கிறுக்கல் இருக்கிறது. மூன்றும் மூன்று வகை என்பதால் ஒவ்வொன்றையும் தனியாகச் சொல்கிறேன்.

முதலாவது, இரண்டாம் பத்தியின் இடது ஓரத்தில் இருக்கிறது. அந்த வரியில் "14 தாள்கள்" என்று தட்டச்சான எண்ணைப் பேனாவால் அடித்து, மேலே "12" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம்: ஒரு வளையமும் அதிலிருந்து வலப்பக்கம் இழுத்த ஒரு கோடும். இந்த இடம்தான் அதன் பொருளைச் சொல்கிறது. திருத்தத்தைப் பின்னால் வேறு எவரோ செய்யவில்லை, அனுப்பும் தரப்பே அறிந்து செய்தது என்று காட்டவே திருத்தத்துக்கு நேராகச் சுருக்கொப்பம் இடுவார்கள். ஆகவே இதைப் பதியும்போது உருவத்தைவிட அது எதற்கு நேராக இருக்கிறது என்பதே முதலில் வர வேண்டும். எண்ணை மட்டும் "12" என்று படியெடுத்துவிட்டு, அடிபட்ட "14" எண்ணையும் ஓரத்துச் சுருக்கொப்பத்தையும் விட்டால், இரண்டு தாள் எங்கே போயிற்று என்ற கேள்வி எழுந்ததையே பதிவு மறைத்துவிடும்.

இது அடியில் கையொப்பமிட்டவரின் சுருக்கொப்பமா? அப்படிச் சொல்ல ஆசை வரும். இரண்டும் வளைவில் தொடங்குகின்றன, இரண்டும் நீலம். ஆனால் வளைவில் தொடங்காத சுருக்கொப்பம் குறைவு. நீலப் பேனா எல்லோரிடமும் இருக்கும். பதிவில் எழுதியது "படத்தில் கையொப்பத்தின் மை நிறத்தை ஒத்த நீலம்" என்பது மட்டும். நிறத்தைப் பற்றி இந்த அளவாவது சொல்லத் துணிந்ததற்குக் காரணம், இரண்டும் ஒரே படத்தில், ஒரே விளக்கொளியில் இருப்பதுதான். ஒரு படத்தின் நீலத்தை இன்னொரு படத்தின் நீலத்தோடு ஒப்பிட்டிருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. கைபேசி ஒவ்வொரு முறையும் வெண்மையைத் தானே கணித்து நிறத்தை மாற்றிக்கொள்கிறது.

இரண்டாவது, தாளின் இடக்கீழ் மூலையில், கையொப்பத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். சிறிய கிறுக்கல், அதன்கீழ் ஒரு சாய்கோடு, சாய்கோட்டின் இருபுறமும் எண்கள்: "5/7". நிறம் சாம்பல். கோடு தாளின் சொரசொரப்பில் விட்டுவிட்டு விழுந்திருக்கிறது. கோப்பில் சேர்த்தவரோ, பார்த்து அனுப்பியவரோ, பெற்றுக்கொண்டவரோ இந்த இடத்தில் இப்படி இடுவது உண்டு. இவற்றில் எது என்பதைப் படம் சொல்லவில்லை. எண்களைத் தேதியாக விரித்து எழுதக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். ஜூலை 5 ஆகலாம், மே 7 ஆகலாம், ஏழு தாள்களில் ஐந்தாவது என்பதாகவும் ஆகலாம். "5/7" என்று உள்ளபடியே எழுதி, சுருக்கொப்பத்துக்குக் கீழே இருப்பதைச் சொன்னால், கடிதத்தின் தேதியை அறிந்தவர் தாமே முடிவுக்கு வருவார்.

மூன்றாவது, வலமேல் மூலையில், மிக மங்கலாக. முதல் பார்வையில் நானே ஏமாந்தேன். அதையும் சுருக்கொப்பமாகக் குறித்துவிட்டு, மங்கிய மையால் ஆனது என்று எழுதியிருந்தேன். மறுநாள் பார்த்தபோது, கீற்றுகளின் ஓரம் எங்குமே கூர்மையாக இல்லை என்பது கண்ணில் பட்டது. மங்கிய மைக்கும் ஓரம் இருக்கும். தாளின் மறுபுறத்திலிருந்து ஊறி வந்த மைக்குத்தான் ஓரம் கரைந்து நிற்கும். பின்பக்கப் படத்தைத் திறந்தேன். அங்கே இடமேல் மூலையில் "பெறப்பட்டது" என்று எழுதி, கீழே ஒரு சுருக்கொப்பம் இருந்தது. புத்தகத்தின் ஏட்டைப்போலத் தாளைத் திருப்பினால் பின்பக்கத்தின் இடமேல் மூலை முன்பக்கத்தின் வலமேல் மூலைக்கு நேராக வரும். பின்பக்கப் படத்தை இடவலமாகப் புரட்டி, முன்பக்கப் படத்தின் மேல் பாதித் தெளிவில் வைத்துப் பார்த்தபோது கீற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தன. ஆகவே முன்பக்கத்தில் மூன்றாவது சுருக்கொப்பம் இல்லை. பின்பக்கத்தின் சுருக்கொப்பம் ஊறித் தெரிகிறது. பின்பக்கப் படம் மட்டும் அனுப்பப்படாமல் இருந்திருந்தால், இல்லாத ஓர் ஆளை நானும் இந்தக் கடிதத்தில் சேர்த்திருப்பேன்.

இவ்வளவுக்கும் பிறகு பதிவில் அடிப்பகுதிக்காக எழுதப்பட்டது இது. சதுர அடைப்புக்குள் இருப்பவை எங்கள் சொற்கள். வெளியே இருப்பவை கடிதத்தின் சொற்கள்.

> இப்படிக்கு,
> [பேனாவால்:] அன்புடன்
> [கையொப்பம்: நீல மை, தொடர் கீற்று, கீழே அடிக்கோடு, உயரம் ஏறக்குறைய இரண்டு தட்டச்சு வரி, படிக்கத்தக்க எழுத்து இல்லை, தட்டச்சான பெயர் இல்லை]
> செயலாளர்[பேனாவால், தட்டச்சைத் தொடர்ந்து:]க்காக
> [இடக்கீழ் மூலையில், பென்சிலாகத் தோன்றும் சாம்பல் நிறத்தில்: சுருக்கொப்பம், அதன்கீழ்] 5/7

"தட்டச்சான பெயர் இல்லை" என்பதைத் தனியே எழுதியதற்குக் காரணம் உண்டு. கையொப்பத்தின்கீழ் பெயர் தட்டச்சாகியிருந்தால், அதைத் தட்டச்சு எழுத்தாகவே படியெடுத்திருப்போம்; அப்போதும் கையொப்பம் அந்தப் பெயரைச் சொல்கிறது என்று எழுத மாட்டோம், ஏனென்றால் ஒருவருக்கெனத் தட்டச்சான இடத்தில் இன்னொருவர் கையொப்பமிடுவதை இதே கடிதத்தின் "க்காக" காட்டுகிறது. இங்கே பெயர் தட்டச்சாகவே இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால், படியெடுத்தவர் கவனக்குறைவாக விட்டுவிட்டார் என்று படிப்பவர் எண்ணக்கூடும்.

இதே பதிவை, உரைகளின் பகுதிகளைக் கணினிக்கு விளங்கும்படி குறித்துவைக்கும் டி.இ.ஐ. குறியீட்டு முறையிலும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த முறையில் கடிதத்தின் முடிவுக்கு `closer` என்ற உறுப்பு இருக்கிறது. அதனுள் முடிப்புச் சொல்லுக்கு `salute`, கையொப்பத்துக்கு `signed` என்று தனித்தனி இடங்கள் உண்டு. கையொப்பத்தை `gap` என்ற உறுப்பில் போடலாமா என்று கேட்டார்கள். `gap` என்பது, இருந்த எழுத்தைப் படியெடுக்காமல் விட்ட இடத்துக்கு. நாங்கள் எழுத்து எதையும் விடவில்லை. எழுத்தல்லாத உருவத்தைக் காண்கிறோம். ஆகவே அதை உருவமாகவே வைத்தோம்.

```xml
<closer>
  <salute>இப்படிக்கு,</salute>
  <salute><add hand="#pena">அன்புடன்</add></salute>
  <signed>
    <figure><figDesc>கையொப்பம்; படிக்கத்தக்க எழுத்து இல்லை</figDesc></figure>
    செயலாளர்<add hand="#pena">க்காக</add>
  </signed>
</closer>
```

இதில் ஒரு குறையை நான் மறைக்க விரும்பவில்லை. "அன்புடன்", "க்காக" இரண்டுக்கும் `#pena` என்ற ஒரே அடையாளத்தைக் கொடுத்திருப்பது, இரண்டையும் ஒரே கை எழுதியது என்று படிக்கப்படலாம். எங்கள் விளக்கப் பகுதியில் `#pena` என்பது "நீல மைப் பேனாவால் சேர்த்தவை, ஒருவரா பலரா என்று முடிவு செய்யப்படவில்லை" என்று எழுதிவைத்தோம். அதைப் படிக்காமல் குறியீட்டை மட்டும் எடுத்துப் பயன்படுத்துகிறவருக்கு அது போய்ச் சேராது.

படங்களை அனுப்பியவர் பதிவைப் பார்த்ததும் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார்: கையொப்பமிட்டவர் யார் என்பதுதான் தமக்கு வேண்டியது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அவர் கேட்டது நியாயமானது. கையொப்பத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது என்றாலும், அந்தச் சங்கத்தில் அந்த ஆண்டில் செயலாளருக்குப் பதிலாகக் கையொப்பமிடும் உரிமை எவருக்கு இருந்தது என்பதை நிகழ்ச்சிப் பதிவேட்டிலிருந்து அறியலாம். அவர் பெயர் தட்டச்சாகி, இதே உருவக் கையொப்பம் உள்ள வேறு கடிதம் கிடைத்தால் ஒப்பிடலாம். அப்படி வரும் பெயர் ஆராய்ச்சியின் முடிவு. அதற்குத் தனி இடமும், எதைக்கொண்டு சொல்கிறோம் என்ற குறிப்பும், சொன்னவரின் பொறுப்பும் வேண்டும். படியெடுப்பின் வரிக்குள் அது நுழையக் கூடாது. முதல் வரைவு பதிவாகியிருந்தால், இந்த ஆராய்ச்சியைத் தொடங்கவே எவருக்கும் தோன்றியிராது. விடை ஏற்கெனவே இருப்பதாக அல்லவா தெரிந்திருக்கும்?

அவரிடம் ஒன்று மட்டும் வேண்டினேன். விளக்கை மேலிருந்து அல்லாமல், தாளின் பக்கவாட்டில், மேசையை ஒட்டினாற்போல் தாழ்வாக வைத்து, அடிப்பகுதியை மட்டும் இரண்டு படம் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். ஒன்று இடப்பக்க ஒளியில், ஒன்று வலப்பக்க ஒளியில். நான்கு நாளில் வந்தன. இடக்கீழ் மூலையின் சாம்பல் நிறக் கிறுக்கல் சாய்ந்த ஒளியில் பளபளத்தது. மை அப்படிப் பளபளப்பதில்லை, பென்சில் கரிதான் பளபளக்கும். கையொப்பத்தின் கீற்றுகளை ஒட்டித் தாளில் மெல்லிய பள்ளம் நிழலாகத் தெரிந்தது. ஆகவே அது ரப்பர் முத்திரையால் குத்தியது அன்று, பந்துமுனைப் பேனாவை அழுத்தி இட்டது. பதிவில் "பென்சிலாகத் தோன்றும் சாம்பல் நிறத்தில்" என்பது "பென்சிலால்" என்று மாறியது. "நீல மை" என்பதற்கு முன்னால் "கையால் இடப்பட்டது" என்று சேர்ந்தது. "படிக்கத்தக்க எழுத்து இல்லை" என்ற தொடரை மாற்றவில்லை.